நியமச் செவ்வன் பரம்பலின் இரட்டைத் திருப்புதிறன்கள்: பகுதிகளாகத் தொகையிட்டுக் காணும் முழுமையான வழிகாட்டி

Z என்பது நியமச் செவ்வன் பரம்பலைக் கொண்ட எழுமாற்று மாறி என்றால் E[Z²] = 1, E[Z⁴] = 3, E[Z⁶] = 15, E[Z⁸] = 105. இந்த எண்களை மனப்பாடமாகச் சொல்பவர்கள் பலர் இருக்கிறார்கள். அவை எப்படி வந்தன என்று தாளில் காட்டச் சொன்னால் இரண்டாம் வரியில் பேனா நின்றுவிடுகிறது.

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் பல்கலைக்கழகத்தின் ஆரம்ப ஆண்டு மாணவர்கள் இதைச் செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்து வருகிறேன். தொகையிடத் தெரியாமல் தடுமாறுபவர்கள் மிகச் சிலரே. உயர்தர இணைந்த கணிதத்தில் பகுதிகளாகத் தொகையிடலை நன்றாகவே பழகிவிட்டு வருகிறார்கள். தடுமாற்றம் எழுவது மூன்று இடங்களில்: கோவையை எப்படிப் பிரிப்பது, ஓரத்தில் நிற்கும் உறுப்பை என்ன செய்வது, கீழே இறங்கி எங்கே நிறுத்துவது. ஆகவே அந்த மூன்று இடங்களில் நின்று பேசுகிறேன். மற்றவற்றை விரைவாகக் கடந்துவிடலாம்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, அடர்த்திச் சார்பு:

φ(z) = (1/√(2π)) · e^(−z²/2)

இரண்டாவது, இதன் கீழுள்ள முழுப் பரப்பளவு 1 என்ற உண்மை. இதைப் பகுதிகளாகத் தொகையிட்டு நிறுவ முயலாதீர்கள். அந்த வழியில் அது வராது. ∫ e^(−z²/2) dz = √(2π) என்பதை ஆள்கூற்றை மாற்றி, இரு மாறிகளில் தொகையிட்டு நிறுவுவார்கள். நமக்கு அது தரப்பட்ட செய்தி. கடைசியில் எல்லாம் இந்த ஒரு செய்தியில்தான் வந்து நிற்கப்போகிறது.

மூன்றாவது, இந்த ஒரு வகையீடு:

d/dz [e^(−z²/2)] = −z · e^(−z²/2)

இதைத் தாளின் மேல் மூலையில் எழுதி ஒரு பெட்டி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் வேலை முழுவதும் இந்தச் சமன்பாட்டைப் பின்னோக்கி வாசிப்பதுதான். வலப்பக்கத்தில் z ஒன்று பெருக்கமாக நிற்பதையும் அதன் முன் கழித்தல் குறி இருப்பதையும் கவனியுங்கள். இரண்டுமே பின்னால் வேண்டியிருக்கும்.

2. ஒற்றை அடுக்குகளை முதலில் ஒதுக்குங்கள்

z³ φ(z) போன்ற கோவை ஒற்றைச் சார்பு. வலப்பக்கப் பரப்பும் இடப்பக்கப் பரப்பும் அளவில் சமம், குறியில் எதிர். கூட்டினால் பூச்சியம். ஆகவே E[Z], E[Z³], E[Z⁵] எல்லாம் பூச்சியம். கணிக்க வேண்டியவை இரட்டை அடுக்குகள் மட்டுமே.

ஆனால் சமச்சீர் மட்டும் போதாது. இரு பக்கத்துப் பரப்பும் முடிவுள்ளதாக இருந்தால்தான் ஒன்றை ஒன்று கழிக்கும். 1/(π(1+x²)) என்ற அடர்த்தியைக் கொண்ட கோஷிப் பரம்பலும் பூச்சியத்தைச் சுற்றிச் சமச்சீரானதுதான். ஆனால் அதற்கு இடைப் பெறுமானமே கிடையாது, ஏனென்றால் ஒவ்வொரு பக்கத்துத் தொகையீடும் முடிவிலிக்குப் போகிறது. செவ்வன் பரம்பலில் இந்தச் சிக்கல் எழாது என்பதற்கான காரணத்தைப் படி 5 தரும்.

3. கோவையைச் சரியான இடத்தில் பிரியுங்கள்

நாம் காண வேண்டியது:

E[Z²ⁿ] = ∫ z²ⁿ φ(z) dz, −∞ இலிருந்து ∞ வரை

பகுதிகளாகத் தொகையிட ஒரு துண்டை u என்றும் மற்றதை dv என்றும் வைக்க வேண்டும். மாணவர்களின் கை முதலில் போவது ஒரே இடத்துக்குத்தான்: u = z²ⁿ, dv = e^(−z²/2) dz. அட்சரகணிதக் கோவையை u ஆகவும் அடுக்குக்குறிச் சார்பை dv ஆகவும் வைக்கப் பழகிய கை அது. x²eˣ போன்ற கணக்குகளில் அந்தப் பழக்கம் சரியான பலனைத் தந்திருக்கிறது. இங்கே அது முட்டுச் சந்து. dv ஐத் தொகையிட்டு v காண வேண்டும்; e^(−z²/2) இன் தொகையீட்டை நமக்குத் தெரிந்த சாதாரணச் சார்புகளால் எழுத முடியாது. செவ்வன் பரம்பலுக்கு அட்டவணை பார்க்க வேண்டியிருப்பதே அதனால்தான்.

படி 1 இன் பெட்டியைத் திரும்பப் பாருங்கள். e^(−z²/2) தனியாக நின்றால் தொகையிட முடியாது. பக்கத்தில் ஒரு z இருந்தால் உடனே தொகையிடலாம். அந்த ஒரு z ஐ z²ⁿ இலிருந்து எடுத்துக் கொடுங்கள்:

z²ⁿ · e^(−z²/2) = z²ⁿ⁻¹ · [z · e^(−z²/2)]

இப்போது பிரிப்பு தெளிவாகிவிடுகிறது:

u = z²ⁿ⁻¹, du = (2n−1) z²ⁿ⁻² dz

dv = z e^(−z²/2) dz, v = −e^(−z²/2)

கணக்கின் முழுச் சூட்சுமமும் இந்தப் பிரிப்பில்தான் இருக்கிறது. இதைச் செய்தவர்களுக்கு மீதி தானாக வரும்.

இன்னொரு பிரிப்பும் அடிக்கடி கண்ணில் படும்: u = e^(−z²/2), dv = z²ⁿ dz. இப்படித் தொடங்கியவர், அடுக்கு இறங்காமல் 2n+2 ஆக ஏறுவதைக் கண்டு எல்லாவற்றையும் வெட்டிவிடுவார். வெட்ட வேண்டியதில்லை. அவருக்குக் கிடைப்பது

E[Z²ⁿ] = (1/(2n+1)) · E[Z²ⁿ⁺²]

இது உண்மையான சமன்பாடு. நாம் தேடும் அதே தொடர்பை ஒரு படி மேலிருந்து எழுதியது, அவ்வளவுதான். குறுக்காகப் பெருக்கி n ஐ ஒன்று குறைத்தால் நம் வரியே வரும். இருந்தாலும் முதற்பிரிப்பையே எடுக்கச் சொல்வேன். எந்த அடுக்கைக் காண வேண்டுமோ அதிலிருந்து தெரிந்த அடுக்குக்கு இறங்கும் திசையை அது நேராகக் காட்டுகிறது.

4. முதலில் முடிவுள்ள இடைவெளியில் தொகையிடுங்கள்

−∞, ∞ என்பவற்றை நேரடியாகச் சூத்திரத்தில் இடாதீர்கள். −A இலிருந்து A வரை தொகையிட்டுவிட்டு, பிறகு A ஐ முடிவிலிக்கு அனுப்புங்கள். இதற்குக் காரணம் உண்டு. முடிவிலி வரையான தொகையீடு என்பதன் வரைவிலக்கணமே இந்த எல்லைதான். E[Z²ⁿ] முடிவுள்ளதா என்பதும் இன்னும் நமக்குத் தெரியாது. தெரியாத ஒன்றைச் சமன்பாட்டின் இரு பக்கமும் எழுதிக் கூட்டிக் கழிப்பது சரியல்ல. A வரை நின்றால் எல்லாமே சாதாரண எண்கள்.

I₂ₙ(A) = ∫ z²ⁿ φ(z) dz (−A இலிருந்து A வரை) என்று வைத்துக்கொள்வோம். பகுதிகளாகத் தொகையிட,

I₂ₙ(A) = [−z²ⁿ⁻¹ φ(z)] + (2n−1) ∫ z²ⁿ⁻² φ(z) dz

சதுர அடைப்பில் உள்ளதை z = A, z = −A இரண்டிலும் மதிப்பிட வேண்டும். 2n−1 ஒற்றை எண்; எனவே (−A)²ⁿ⁻¹ = −A²ⁿ⁻¹. இரு ஓரங்களும் ஒன்றையொன்று கழிக்காமல் கூடுகின்றன:

I₂ₙ(A) = −2A²ⁿ⁻¹ φ(A) + (2n−1) I₂ₙ₋₂(A)

இந்த வரியில் மூன்று பிழைகள் நேரும். மூன்றையும் கண்டுபிடிக்க எளிய அடையாளங்கள் உண்டு.

குறிப் பிழை. v இல் ஒரு கழித்தல், ∫ v du இன் முன் ஒரு கழித்தல். இரண்டும் சேர்ந்து கூட்டலாக வேண்டும். ஒன்றை மறந்தால் E[Z²] = −1 என்று வரும். z²ⁿ φ(z) எங்குமே மறையாகாது. அதன் பரப்பும் மறையாகாது. மறை விடை வந்தால் தேட வேண்டிய இடம் இது ஒன்றுதான்.

குணகப் பிழை. 2n−1 க்குப் பதிலாக 2n எழுதுவார்கள், ஏனென்றால் கண்ணில் நிற்பது தொடக்கத்தில் இருந்த z²ⁿ. ஆனால் வகையிட்டது z²ⁿ⁻¹ ஐ. n = 1 ஐ இட்டால் பிழை உடனே வெளிப்படும்: மாறற்றிறன் 1 ஆக வேண்டிய இடத்தில் 2 வரும்.

மூன்றாவது, ஓர உறுப்பு ‘சமச்சீரால் கழிந்துவிடும்’ என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டு அதை அடிப்பது. விடை சரியாகவே வரும். காரணம் தவறு. மேலே பார்த்தோம், இரு ஓரங்களும் கூடுகின்றன. அவை பூச்சியமாவது வேறொரு காரணத்தால். அதைத்தான் அடுத்த படியில் காட்ட வேண்டும். எனக்கு இது சிறு விடயமாகப் படவில்லை: காரணம் தவறாக இருந்தால், ஓர உறுப்பு பூச்சியமாகாத இடத்திலும் அதே கை அதை அடித்துவிடும்.

5. ஓர உறுப்பு பூச்சியத்தை அணுகுவதைக் காட்டுங்கள்

A²ⁿ⁻¹ முடிவிலிக்குப் போகிறது. e^(−A²/2) பூச்சியத்துக்குப் போகிறது. இரண்டின் பெருக்கம் எங்கே போகும்? ‘அடுக்குக்குறிச் சார்பு வெல்லும்’ என்று எழுதுவது விடையல்ல. எவ்வளவால் வெல்லும் என்று காட்டினால்தான் விடை.

மிகக் குறுகிய வழி இது. x நேர் எண் என்றால் eˣ = 1 + x + x²/2! + … என்ற விரிவில் எல்லா உறுப்புகளும் நேரானவை. ஆகவே eˣ அதன் எந்த ஓர் உறுப்பையும் விடப் பெரியது. x = A²/2 என இட்டு n ஆவது உறுப்பை மட்டும் எடுங்கள்:

e^(A²/2) > (A²/2)ⁿ / n! = A²ⁿ / (2ⁿ n!)

தலைகீழாக்கி A²ⁿ⁻¹ ஆல் பெருக்க,

A²ⁿ⁻¹ e^(−A²/2) < 2ⁿ n! / A

வலப்பக்கத்தின் மேலே இருப்பது மாறிலி, கீழே A. A முடிவிலிக்குப் போக இது பூச்சியத்துக்குப் போகிறது. நிறுவல் முடிந்தது. லோபிதால் விதியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினாலும் இதே முடிவு வரும், ஆனால் பக்கம் நீளும். நீளும் பக்கத்தில் பிழை நுழையும்.

எண்களை இட்டுப் பார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. n = 4 ஐ எடுத்து A⁷ e^(−A²/2) ஐக் கணித்தால், A = 1 இல் 0.61, A = 2 இல் 17.3. வளர்கிறதே என்று பயந்து நிறுத்திவிடுவார்கள். உச்சம் A = √7 இல், அதாவது ஏறத்தாழ 2.65 இல் வருகிறது. அங்கே பெறுமானம் சுமார் 27.4. அதன் பிறகுதான் சரிவு: A = 4 இல் 5.5, A = 6 இல் 0.004. பொதுவாக உச்சம் √(2n−1) இல் இருக்கும். அடுக்கு கூடக் கூட வெளியே வெகுதூரம் போய்த்தான் சரிவைப் பார்க்க முடியும்.

இந்தப் படி இன்னொரு வேலையையும் முடித்துத் தருகிறது. I₀(A) இன் எல்லை 1, அது முடிவுள்ளது. ஓர உறுப்பு பூச்சியமாவதால் I₂(A) இன் எல்லையும் முடிவுள்ளது, அதிலிருந்து I₄(A), இப்படியே எல்லா இரட்டைத் திருப்புதிறன்களும் இருக்கின்றன என்பது படிப்படியாக நிறுவப்பட்டுவிடுகிறது. படி 2 இல் கடனாக விட்டுவந்ததும் இத்துடன் தீர்கிறது: |z|³ என்பது 1 + z⁴ ஐ மீறுவதில்லை, |z|⁵ என்பது 1 + z⁶ ஐ மீறுவதில்லை, இப்படியே மற்றவையும்; எனவே ஒற்றை அடுக்குகளின் இரு பக்கத்துப் பரப்பும் முடிவுள்ளவை.

6. தெரிந்த இடம் வரை கீழே இறங்குங்கள்

A ஐ முடிவிலிக்கு அனுப்பினால் மிஞ்சுவது:

E[Z²ⁿ] = (2n−1) · E[Z²ⁿ⁻²]

இனித் தொகையீடு எதுவும் இல்லை. E[Z⁸] ஐக் காண்போம்:

E[Z⁸] = 7 · E[Z⁶]
= 7 · 5 · E[Z⁴]
= 7 · 5 · 3 · E[Z²]
= 7 · 5 · 3 · 1 · E[Z⁰]
= 105

நிறுத்த வேண்டிய இடம் E[Z⁰]. Z⁰ = 1; எனவே E[Z⁰] என்பது முழு நிகழ்தகவு, அதாவது 1. படி 1 இல் தரப்பட்ட செய்தி இங்கேதான் பயன்படுகிறது. சிலர் ஒரு படி தவறி E[Z¹] இல் வந்து நின்று, முழுப் பெருக்கத்தையும் பூச்சியமாக்கிவிடுவார்கள். அடுக்கு ஒவ்வொரு தடவையும் இரண்டாகக் குறைகிறது. இரட்டையில் தொடங்கியவர் ஒற்றையில் கால் வைக்கவே முடியாது. E[Z¹] தாளில் தென்பட்டால் இடையில் எங்கோ ஒன்று மட்டும் குறைந்திருக்கிறது என்று பொருள்.

பொது வடிவம்:

E[Z²ⁿ] = (2n−1)(2n−3) … 5 · 3 · 1

இதைச் சுருக்கி (2n−1)!! என்று எழுதுவார்கள். இரண்டு வியப்புக்குறிகள் காரணியப் பெருக்கத்தை இரு முறை செய்யச் சொல்லவில்லை. ஒன்றுவிட்டு ஒன்றாக இறங்கிப் பெருக்கச் சொல்கின்றன. விடுபட்ட இரட்டை எண்களால் மேலும் கீழும் பெருக்கினால் இன்னொரு வடிவம் கிடைக்கும்: (2n)! / (2ⁿ n!). n = 3 இல் 720 / (8 × 6) = 15. கணிகருவியில் அடிக்க இந்த வடிவம் வசதியானது.

தேர்வுத் தாளில் ‘நிறுவுக’ என்று கேட்டிருந்தால், பெருக்கத்தை எழுதிப் புள்ளிகள் இட்டு விடுவதோடு நிற்காமல் கணிதத் தொகுத்தறிமுறையில் இரண்டு வரி எழுதுங்கள். n = 0 இல் உண்மை; n−1 இல் உண்மையானால் மீள்வரு தொடர்பால் n இலும் உண்மை.

7. விடையைச் சோதித்துப் பாருங்கள்

கைபேசியிலோ கணினியிலோ பைதான் இருந்தால் இந்தச் சிறு நிரலை ஓட்டலாம். பரப்பை 0.01 அகலமுள்ள கீற்றுகளாக வெட்டி, ஒவ்வொரு கீற்றின் நடுவிலும் உயரத்தை எடுத்துக் கூட்டுகிறது.

```python
import math
A, h = 12, 0.01
m = round(A / h)
for p in (2, 4, 6, 8):
    s = 0
    for k in range(-m, m):
        z = (k + 0.5) * h
        s += z**p * math.exp(-z*z/2)
    print(p, round(s * h / math.sqrt(2*math.pi), 2))
```

1, 3, 15, 105 வரும். இப்போது A ஐ 12 இலிருந்து 4 ஆக மாற்றி மறுபடியும் ஓட்டுங்கள். செவ்வன் பரம்பல் அட்டவணைகள் பெரும்பாலும் 4 ஐ எட்டும் முன்னரோ 4 இலோ முடிந்துவிடுவதால், அதற்கு அப்பால் ஒன்றும் இல்லை என்ற எண்ணம் பலருக்கு ஊறியிருக்கிறது. வெளியே கிடக்கும் நிகழ்தகவு உண்மையில் மிகச் சிறிதுதான், ஏறத்தாழ 0.00006. ஆனால் திரையில் வருவது 1.0, 2.98, 14.62, 97.98. எட்டாம் திருப்புதிறனில் ஏழுக்கு மேல் காணாமற்போய்விட்டது!

எங்கே போனது என்பதைப் படி 4 இன் வரி துல்லியமாகச் சொல்கிறது. அங்கே ஓர உறுப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது. φ(4) = 0.00013383 என்று இட்டு I₀(4) = 0.99994 இலிருந்து ஏறுங்கள்:

I₂(4) = 0.99994 − 2 · 4 · φ(4) = 0.9989
I₄(4) = 3 × 0.9989 − 2 · 64 · φ(4) = 2.979
I₆(4) = 5 × 2.979 − 2 · 1024 · φ(4) = 14.62
I₈(4) = 7 × 14.62 − 2 · 16384 · φ(4) = 97.98

(இடையில் கூடுதல் தசமதானங்களை வைத்துக் கணித்து, எழுதும்போது மட்டும் சுருக்கியிருக்கிறேன்.) கடைசி வரியில் ஓர உறுப்பு மட்டுமே 4.39. கீழிருந்து வந்த குறை ஒவ்வொரு படியிலும் 3, 5, 7 ஆல் பெருகி மேலே வந்து அதனுடன் சேர்கிறது. ‘ஓரத்தை அடித்துவிடலாம்’ என்று காரணமின்றிச் சொல்லப் பழகியவர் இந்த 97.98 க்கு விளக்கம் தர முடியாது. தொகையீட்டை முடிவுள்ள இடைவெளியில் எழுதிப் பழகியவர் நான்கு வரியில் தருவார். இதனால்தான் படி 4 ஐத் தாண்டிப் போகாதீர்கள் என்று வற்புறுத்துகிறேன்.

8. பொதுச் செவ்வன் மாறிக்கு மாற்றும்போது

X = μ + σZ என்றால், இடையிலிருந்து எடுத்த திருப்புதிறன்கள் நேராக வரும்:

E[(X − μ)²ⁿ] = σ²ⁿ · (2n−1)!!

ஆகவே நான்காவது 3σ⁴. இதையே E[X⁴] என்று எழுதுவது வழக்கமான பிழை. E[X⁴] வேண்டுமானால் (μ + σZ)⁴ ஐ விரித்து, ஒற்றை அடுக்குகளை நீக்கி எழுத வேண்டும்: μ⁴ + 6μ²σ² + 3σ⁴. மேலும், E[Z⁴] என்பது E[Z²] இன் வர்க்கமும் அல்ல. முன்னது 3, பின்னது 1. அந்த இடைவெளியே Z² இன் மாறற்றிறன்: 3 − 1 = 2. இந்த 2 ஐ வைத்து ஒரு முழுக் கணக்குச் செய்வோம்.

9. நான்காவது திருப்புதிறன் வேலை செய்யும் ஒரு கணக்கு

பெரும்போக அறுவடை முடிந்து பரந்தன் பக்கம் நெல் நிறுக்கும் ஓர் இடத்தை எண்ணிக்கொள்ளுங்கள். தராசின் நம்பகத்தை அறிய, சரியாக 50 கிலோ என்று உறுதி செய்யப்பட்ட படிக்கல்லை 20 தடவை ஏற்றி இறக்கி வாசிப்புகளை எடுக்கிறார்கள். வழு செவ்வன் பரம்பலைக் கொண்டது. வாசிப்புகள் ஒன்றையொன்று சாராதவை. தராசுக்கு ஒரு பக்கச் சாய்வு இல்லை. வழுவின் உண்மையான நியம விலகல் 0.2 கிலோ என்று கொள்வோம். எண்கள் கணக்குக்காக எடுத்தவை.

மாறற்றிறனின் மதிப்பீடு, வழுக்களின் வர்க்கங்களின் சராசரி:

S² = (1/20) · Σ (Xᵢ − 50)²

ஒவ்வொரு (Xᵢ − 50)² உம் σ² Z² ஐப் போன்றது. E[Z²] = 1 என்பதால் S² இன் எதிர்பார்ப்புப் பெறுமானம் σ² = 0.04. மதிப்பீடு சராசரியில் சரியாக இருக்கிறது. ஆனால் ஒரு நாளில் எடுத்த 20 வாசிப்புகள் 0.04 இலிருந்து எவ்வளவு விலகக்கூடும்? அதற்குத்தான் Z² இன் மாறற்றிறன் வேண்டும், அதற்கு E[Z⁴] வேண்டும்.

Var(S²) = σ⁴ · 2/20 = 0.0016 × 0.1 = 0.00016

வர்க்கமூலம் 0.0126. அதாவது 0.04 என்ற கணியத்தில் ஏறத்தாழ 32 சதவீத நியம விலகல். ஒரு நியம விலகல் மேலும் கீழும் போனால் S² 0.027 க்கும் 0.053 க்கும் இடையில் கிடக்கும். வர்க்கமூலம் எடுத்தால் தராசின் வழு 0.17 கிலோவாகவும் தெரியலாம், 0.23 கிலோவாகவும் தெரியலாம். தராசில் ஒரு மாற்றமும் இல்லாமலே! நேற்று 0.17, இன்று 0.23, ஆகவே தராசு கெட்டுவிட்டது என்று முடிவு கட்ட 20 வாசிப்புகள் போதாது.

மாறற்றிறனைப் பத்து சதவீதத்துக்குள் அறிய வேண்டுமானால் √(2/N) = 0.1, அதாவது N = 200. E[Z⁴] ஐ 1 என்று தவறாக எடுத்தவருக்கு Var(Z²) பூச்சியமாகி, ஒரே வாசிப்பில் மாறற்றிறன் துல்லியமாகத் தெரிந்துவிடும் என்ற அபத்தமான விடை வரும். குணகப் பிழையால் 8 என்று எடுத்தவர், அதாவது 4 · 2 என்று இறங்கியவர், E[Z²] ஐயும் 2 என்று கொண்டு Var(Z²) ஐ 8 − 4 = 4 என்று கண்டு N = 400 கேட்பார்; வாசிப்புகளும் இருமடங்கு, வேலையும் இருமடங்கு. சரியான படிக்கல் இல்லாமல் வாசிப்புகளின் சராசரியிலிருந்தே வழுவை எடுத்து, N−1 ஆல் வகுத்தால், 2/N இன் இடத்தில் 2/(N−1) வரும்; 20 வாசிப்புகளில் வேறுபாடு சிறிதே.

இதே கணக்கை ஒரு படி மேலே கொண்டு போனால் எட்டாம் திருப்புதிறனின் பயனும் தெரியும். தரவு செவ்வன் பரம்பலைச் சேர்ந்ததா என்று பார்க்க, Z⁴ இன் சராசரியை எடுத்து 3 உடன் ஒப்பிடுவது ஒரு வழக்கம். அந்தச் சராசரி எவ்வளவு ஆடும்?

Var(Z⁴) = E[Z⁸] − (E[Z⁴])² = 105 − 9 = 96

இடையும் நியம விலகலும் முன்பே தெரிந்த 100 தரவுகளின் சராசரிக்கு மாறற்றிறன் 0.96, நியம விலகல் ஏறத்தாழ 0.98. மிகச் சரியான செவ்வன் பரம்பலிலிருந்து எடுத்த 100 தரவுகளே 2 என்றும் 4 என்றும் சர்வசாதாரணமாகக் காட்டும். அந்த நியம விலகலை 0.1 ஆகக் குறைக்க 9600 தரவுகள் வேண்டும். மாதிரி சிறிதாக இருக்கும்போது, நான்காவது திருப்புதிறன் 3 இலிருந்து விலகியது என்பதை மட்டும் வைத்து ‘இது செவ்வன் அல்ல’ என்று எழுதாதீர்கள். 96 ஐத் தரவுகளின் எண்ணிக்கையால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, விலகல் அதைவிட எத்தனை மடங்கு என்று முதலில் பாருங்கள்.